பாதி ஹீமோகுளோபினை இழந்தவர் நடமாடுகிறார், பாதியில் கார்பன் மோனாக்சைடு ஏறியவர் மயங்கிக் கிடக்கிறார்: பிரிகை வளைகோட்டைக் கொண்டு விளக்க முடியுமா?

பூங்குழலி

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் செவிலியர். சில நாள்களுக்கு முன் கடைக்காரர் ஒருவரை மயக்க நிலையில் கொண்டுவந்தார்கள். மின்தடையின்போது கதவை அடைத்துவிட்டு, பெட்ரோல் ஜெனரேட்டரை உள்ளேயே ஓடவிட்டுத் தூங்கியிருக்கிறார். விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 99 என்று காட்டியது. தமனி இரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தமும் இயல்பாகவே இருந்தது. பிறகு கோ-ஆக்சிமீட்டரில் பார்த்தபோதுதான் அவருடைய ஹீமோகுளோபினில் ஏறத்தாழ பாதி கார்பன் மோனாக்சைடோடு பிணைந்திருந்தது தெரிந்தது.

அதே அறையில், நாள்பட்ட இரத்தசோகையால் ஹீமோகுளோபின் 7.5 கிராம் அளவுக்கு இறங்கிய ஒரு பெண்மணியும் இருந்தார். களைப்பு இருந்தாலும் எழுந்து நடந்தார், பேசினார், சாப்பிட்டார். இருவருக்கும் ஆக்சிஜனைச் சுமக்கப் பயன்படும் ஹீமோகுளோபின் ஏறத்தாழ சமம்தானே? பிறகு ஏன் இவ்வளவு வேறுபாடு? "வளைகோடு இடப்பக்கம் நகர்ந்துவிடும்" என்று பயிற்சிக் காலத்தில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்த வரிக்கு உண்மையில் என்ன பொருள் என்பதை இப்போது புரிந்துகொள்ள விரும்புகிறேன்.

செந்தில்வேலன்

வேதியியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றோடு இரும்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்வதால் சுமக்கும் திறன் பாதியாகிறது. அப்படியானால் வளைகோட்டின் உயரம்தான் பாதியாகக் குறைய வேண்டும், அதன் வடிவம் மாறக் காரணமில்லை. ஆக்சிஜனைப் பொறுத்தவரை இந்த இரண்டு நோயாளிகளும் ஒரே நிலையில் இருப்பவர்கள்தாம். கார்பன் மோனாக்சைடு செல்லுக்குள் சென்று தனியாக நஞ்சாகச் செயல்படுவதால்தான் வேறுபாடு வருகிறது என்பது என் கருத்து.

குருதிநெறி

செந்தில்வேலன் கூறியதில் முதல் பகுதி சரி. இடம் பறிபோவது உண்மை, சுமக்கும் திறன் பாதியாவதும் உண்மை. வடிவம் மாறாது என்று அவர் முடித்ததுதான் பிழை. இந்தக் கேள்விக்கு விடை வடிவத்தில்தான் இருக்கிறது. நான் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இயல்பான வளைகோட்டைப் பாருங்கள். கிடைக்கோட்டில் ஆக்சிஜனின் அழுத்தம், செங்குத்தில் செறிவு, அதாவது ஹீமோகுளோபினின் இருக்கைகளில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனால் நிறைந்திருக்கிறது என்பது. நுரையீரலை விட்டு வரும் இரத்தத்தில் அழுத்தம் ஏறக்குறைய 100 மி.மீ. பாதரசம், செறிவு 97 சதவீதம். திசுக்களைக் கடந்து வரும் சிரை இரத்தத்தில் அழுத்தம் 40, செறிவு 75. இன்னும் கடுமையாக உழைக்கும் தசையில் அழுத்தம் 20-க்கு இறங்கினால் செறிவு 32 அளவுக்கு வந்துவிடும். மேலே 100-இலிருந்து 60 வரை அழுத்தம் குறைந்தாலும் செறிவு 90-க்குக் கீழே போவதில்லை. ஆனால் 40-இலிருந்து 20-க்கு இறங்கும்போது சரசரவென்று சரிகிறது. மேலே மேடு, நடுவில் செங்குத்தான சரிவு. இந்த நெளிந்த வடிவம் இருப்பதால்தான், நுரையீரலில் நிரம்பிக்கொள்வதும் திசுவில் கொட்டிவிடுவதும் ஒரே மூலக்கூறால் முடிகிறது.

இதற்கு மாறாக, நெளிவு இல்லாமல் தொடக்கத்திலேயே எழும்பிப் பிறகு வளைந்து தட்டையாகும் ஒரு கோட்டை எண்ணிக்கொள்ளுங்கள். தசையில் உள்ள மயோகுளோபினின் கோடு அப்படிப்பட்டது. அதற்கு ஒரே ஓர் இரும்பு இருக்கை, 3 மி.மீ. அழுத்தத்திலேயே அது பாதி நிறைந்துவிடும். 100-இல் அதுவும் 97 சதவீதம் நிறையும், ஆனால் 40-இல் 93, 20-இல் 87 என்று பிடித்துக்கொண்டே இருக்கும். நுரையீரலில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. திசுவில்தான் தெரியும்.

இனி உங்கள் நோயாளிகளுக்கு வருவோம். இரத்தசோகை உள்ளவரிடம் மூலக்கூறுகளின் எண்ணிக்கை பாதி, ஆனால் ஒவ்வொன்றும் முழுமையானது, ஒவ்வொன்றும் அந்த நெளிந்த கோட்டின்படியே நடந்துகொள்கிறது. கார்பன் மோனாக்சைடு ஏறியவரிடம் மூலக்கூறுகள் முழு எண்ணிக்கையில் இருக்கின்றன, ஆனால் அவற்றின் நான்கு இருக்கைகளில் சராசரியாக இரண்டு அடைபட்டுவிட்டன. மீதி இரண்டு இருக்கைகள் மயோகுளோபினைப் போல ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தொடங்குகின்றன. அவருடைய இரத்தம் ஆக்சிஜனைச் சுமந்துகொண்டுதான் திசுவுக்குப் போகிறது, ஆனால் போதுமான அழுத்தத்தில் அதை விடுவிப்பதில்லை.

நாச்சியார்

இந்த இழையைப் படித்ததும் எனக்குக் கவலையாகிவிட்டது. என் தங்கைக்கும் ஹீமோகுளோபின் 7-தான். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. ஆனால் ஆக்சிமீட்டரில் 98 காட்டுகிறது. பூங்குழலி சொன்னதுபோல் கருவி பொய் சொல்கிறதா? அவளுக்கும் இந்த வாயு ஏறியிருக்குமோ? வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டும் கருவி ஒன்று வாங்கி வைக்கலாமா?

இளமாறன்

நாச்சியார் அம்மா, உங்கள் தங்கையின் விஷயத்தில் கருவி பொய் சொல்லவில்லை. இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனோடு இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. மொத்தம் எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. 98 சதவீதம் நிறைந்துவிட்ட ஒன்றில் கருவியால் கூடுதலாக ஏற்ற வேண்டியது இன்னும் 2 சதவீதம்தான். ஆகவே அந்தக் கருவி அவருக்குப் பெரிதாக உதவாது. இரத்தசோகை ஏன் வந்தது என்பதைக் கண்டுபிடித்து அதற்கு மருத்துவம் செய்வதுதான் வழி. படி ஏறும்போது மூச்சு வாங்குவதை மருத்துவரிடம் காலம் தாழ்த்தாமல் தெரிவியுங்கள்.

படபடப்புக்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் குறைவான ஆக்சிஜன்தான் போகிறது என்பதால் இதயம் சுற்றுகளைக் கூட்டுகிறது. மெதுவாக வளரும் இரத்தசோகையில் இன்னொரு உதவியும் கிடைக்கிறது. சிவப்பணுக்களில் இருபாஸ்போகிளிசரேட் என்ற பொருள் கூடி, வளைகோட்டை வலப்பக்கம் தள்ளுகிறது, அதாவது ஹீமோகுளோபின் ஆக்சிஜனை முன்பைவிட எளிதாக விட்டுக்கொடுக்கிறது. நான் மயக்க மருத்துவத் துறையில் இருக்கிறேன். 7 கிராம் ஹீமோகுளோபினோடு அமைதியாகப் படுத்திருப்பவரையும், திடீர் இரத்தப்போக்கால் அதே 7-க்கு வந்து தவிப்பவரையும் நாங்கள் ஒன்றாகக் கருதுவதில்லை. பின்னவருக்கு இந்த ஏற்பாட்டுக்கு நேரம் கிடைத்திருக்காது, அவர் இழந்தது ஹீமோகுளோபினை மட்டுமல்ல, இரத்தத்தின் கன அளவையும்தான்.

பூங்குழலி

குருதிநெறி ஐயா, மேடும் சரிவும் புரிகின்றன. ஆனால் அடைபட்ட இரண்டு இருக்கைகள் மீதி இரண்டை ஏன் மாற்ற வேண்டும்? நான்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டா இருக்கின்றன?

குருதிநெறி

தொட்டுக்கொண்டிருக்கவில்லை. நான்கு இரும்பு அணுக்களும் ஒன்றுக்கொன்று 25 ஆங்ஸ்ட்ராமுக்கும் மேற்பட்ட தொலைவில் தனித்தனிப் பைகளில் இருக்கின்றன. அப்படியிருக்க ஒன்றில் ஆக்சிஜன் ஏறியது மற்றொன்றுக்கு எப்படித் தெரிகிறது என்ற கேள்வி வெகுகாலம் தீராமல் இருந்தது. மாக்ஸ் பெரூட்ஸ் கேம்பிரிட்ஜில் ஹீமோகுளோபினின் அமைப்பைக் கண்டறிந்து 1962-இல் நோபல் பரிசு பெற்றபோதும் இதற்கு விடை முழுமையாகக் கிடைத்திருக்கவில்லை. இயங்குமுறையை 1970-இல்தான் அவர் விரிவாக வெளியிட்டார்.

ஆக்சிஜன் இல்லாதபோது இரும்பு அணு தன் வளையத்தின் தளத்தில் இராமல் ஏறத்தாழ 0.4 ஆங்ஸ்ட்ராம் வெளியே தள்ளி நிற்கிறது. ஒரு மில்லிமீட்டரைக் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்கும் பாதிக்குக் குறைவான தூரம் அது. ஆக்சிஜன் வந்து பிணைந்ததும் இரும்பு உள்ளே இழுபடுகிறது. அதன் மறுபுறம் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் பிணைந்திருக்கிறது, அந்த ஹிஸ்டிடின் ஒரு புரதச் சுருளின் பகுதி, ஆகவே சுருளும் சேர்ந்து நகர்கிறது. நான்கு சங்கிலிகளையும் ஒன்றோடொன்று கட்டி வைத்திருந்த உப்புப் பாலங்கள் இதனால் அறுபடுகின்றன. இறுதியில் மூலக்கூறின் ஒரு பாதி மற்றப் பாதியின்மேல் ஏறக்குறைய 15 பாகை திரும்பி, இறுக்கநிலையிலிருந்து தளர்நிலைக்கு மாறிவிடுகிறது. தளர்நிலையில் இரும்பு உள்ளே வருவதற்குத் தடை இல்லை, அதனால் இன்னும் காலியாக இருக்கும் இருக்கைகளின் பற்று நூறு மடங்குக்கும் மேல் உயர்கிறது. முதல் ஆக்சிஜன் ஏறுவது கடினம், கடைசி ஆக்சிஜன் ஏறுவது எளிது என்பதன் பொருள் இதுதான். இறங்கும்போது நடப்பது இதன் மறுதலை: ஒன்றிரண்டு இறங்கியதும் மூலக்கூறு இறுக்கநிலைக்குத் திரும்பி, மீதியையும் கைவிடுகிறது.

இப்போது கார்பன் மோனாக்சைடை நினையுங்கள். அதுவும் அதே இரும்பில்தான் பிணைகிறது, இரும்பை அதே போல உள்ளே இழுக்கிறது. மூலக்கூறைப் பொறுத்தவரை வந்தது எந்த வாயு என்ற வேறுபாடு இல்லை. இரண்டு இருக்கைகளில் அது ஏறியதும் மூலக்கூறு பெரும்பாலும் தளர்நிலையிலேயே நின்றுவிடுகிறது. ஆக்சிஜன் என்றால் திசுவில் இறங்கிவிடும், மூலக்கூறும் இறுக்கநிலைக்குத் திரும்பும். கார்பன் மோனாக்சைடோ திசுவில் இறங்குவதில்லை, ஆகவே திரும்பும் வழி அடைபடுகிறது. வளைகோடு இடப்பக்கம் நகர்கிறது என்று சொல்லும்போது அதன் நெளிவும் அழிகிறது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். பாடத்தில் இந்த இரண்டாவது பகுதி விடுபட்டுப் போவது எனக்கு எப்போதுமே வருத்தம் தந்திருக்கிறது.

செந்தில்வேலன்

நீங்கள் சொல்வது வடிவத்தைப் பற்றியது. அது எண்ணிக்கையில் எவ்வளவு என்று பார்க்காமல் என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. ஆகவே 1910-இல் ஆர்ச்சிபால்ட் ஹில் தந்த சமன்பாட்டை எடுத்துக்கொண்டேன். இதில் Y செறிவு, P ஆக்சிஜனின் அழுத்தம், P50 என்னும் பி50 பாதி இருக்கைகள் நிறையும் அழுத்தம், n வளைகோட்டின் நெளிவைக் காட்டும் எண்.

```
Y = P^n / (P50^n + P^n)
P50 = 26.6,  n = 2.7
```

ஹீமோகுளோபின் 15 கிராம் இருப்பவரின் 100 மி.லி. இரத்தம் முழுதும் நிறைந்தால் 20 மி.லி. ஆக்சிஜனைச் சுமக்கும். அதில் திசுக்கள் 5 மி.லி. எடுத்துக்கொள்கின்றன என்று கொண்டால், சிரையில் செறிவு 72 முதல் 75 சதவீதம், அழுத்தம் 40-ஐ ஒட்டி வருகிறது. இரத்தசோகையில் முழுத் திறன் 10 மி.லி., தமனியில் அதில் 9.75 மி.லி. நிறைந்திருக்கிறது என்று கொண்டால், அதே 5 மி.லி. எடுத்த பிறகு மீதி 4.75, செறிவு 47.5 சதவீதம். சமன்பாட்டில் போட்டால் அழுத்தம் ஏறத்தாழ 26 மி.மீ. கார்பன் மோனாக்சைடு நோயாளிக்கும் முழுத் திறன் 10 மி.லி. என்பதால் அவருக்கும் அதே 26-தான் எனக்கு வருகிறது. அவருக்கு எந்த பி50-ஐப் பயன்படுத்த வேண்டும்?

குருதிநெறி

உங்கள் இரத்தசோகைக் கணக்கு சரியாக இருக்கிறது. மற்றவருக்குப் புதிய பி50 எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. 1912-இல் டக்ளஸ் என்பவரும் ஹால்டேன் தந்தையும் மகனும் இதற்கு ஒரு நேர்வழி காட்டினார்கள். (அந்த மகன் பின்னாளில் இந்தியக் குடியுரிமை பெற்று, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்த ஜே.பி.எஸ். ஹால்டேன்.) மூலக்கூறுக்கு இரண்டு வாயுக்களும் ஒரே விதமானவை, கார்பன் மோனாக்சைடின் ஒரு மி.மீ. அழுத்தம் ஆக்சிஜனின் 200-க்கும் மேற்பட்ட மி.மீ.க்குச் சமம் என்பதே வேறுபாடு. ஆகவே இரண்டு வாயுக்களாலும் சேர்ந்து நிறைந்த மொத்தச் செறிவை இயல்பான வளைகோட்டிலேயே படிக்கலாம். அங்கு கிடைக்கும் மொத்த அழுத்தத்தை, இரு வாயுக்களும் இருக்கைகளைப் பங்கிட்டுக்கொண்ட விகிதத்திலேயே பிரித்தால் ஆக்சிஜனின் பங்கு வந்துவிடும்.

அடைபட்டது 50 சதவீதம். தமனியில் மீதிப் பாதி ஏறக்குறைய முழுக்க ஆக்சிஜனால் நிறைந்திருக்கிறது, அதாவது 9.9 மி.லி. அதில் 5 மி.லி. திசுவுக்குப் போனால் மீதி 4.9, மொத்த இருக்கைகளில் அது 24.5 சதவீதம். கார்பன் மோனாக்சைடின் 50-ஐச் சேர்த்தால் மொத்தச் செறிவு 74.5. உங்கள் சமன்பாட்டில் அதற்குரிய அழுத்தம் 39.5 மி.மீ. அதில் ஆக்சிஜனின் பங்கு 74.5-இல் 24.5, அதாவது மூன்றில் ஒரு பங்கு. விடை 13 மி.மீ.

26-க்கும் 13-க்கும் உள்ள வேறுபாடுதான் பூங்குழலியின் கேள்விக்கு விடை. இருவருடைய சிரை இரத்தத்திலும் மீந்திருக்கும் ஆக்சிஜனின் அளவு ஏறத்தாழ ஒன்றே, அதன் அழுத்தம் மட்டும் ஒருவரிடம் பாதி. நுண்குழாயிலிருந்து செல்லின் உள்ளே ஆக்சிஜனைத் தள்ளுவது அழுத்தம்தான், அளவு அன்று. மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஓரிரு மி.மீ. போதும் என்றாலும், நுண்குழாயிலிருந்து தொலைவில் உள்ள செல்வரை அந்த ஓரிரண்டு மிஞ்ச வேண்டுமானால் தொடக்கத்தில் போதிய அழுத்தம் இருந்தாக வேண்டும். மூளையும் இதயமும் முதலில் தடுமாறுவது இதனால்தான். இதயத் தசை இயல்பான நாளிலேயே வந்த ஆக்சிஜனில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும் உறுப்பு.

இது தோராயக் கணக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரத்த ஓட்டம் மாறவில்லை என்று கொண்டிருக்கிறோம், கரைந்திருக்கும் ஆக்சிஜனைச் சேர்க்கவில்லை. ஹில் சமன்பாடும் வளைகோட்டின் இரு முனைகளிலும் துல்லியமானதன்று. இளமாறன் குறிப்பிட்ட இருபாஸ்போகிளிசரேட்டின் பயனைச் சேர்த்து பி50-ஐ 30 என்று கொண்டால், இரத்தசோகை நோயாளியின் 26 என்பது 29 ஆகி, இடைவெளி இன்னும் விரியும்.

செந்தில்வேலன்

கணக்கை நானும் தனியாகச் செய்து பார்த்தேன், 13 வருகிறது. வடிவம் மாறும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் செல்லுக்குள் நஞ்சாகச் செயல்படுகிறது என்ற கருத்தை நான் கைவிடவில்லை.

இளமாறன்

கைவிட வேண்டாம், அதற்குச் சான்று உண்டு. 1975-இல் நாய்களில் செய்த ஒரு சோதனை இன்றும் பேசப்படுகிறது. கார்பன் மோனாக்சைடைச் சுவாசித்த நாய்கள் இறந்தன. வேறு நாய்களின் இரத்தத்தில் ஒரு பகுதியை வெளியேற்றிவிட்டு, கார்பன் மோனாக்சைடு ஏற்றிய சிவப்பணுக்களைச் செலுத்தி, ஏறத்தாழ அதே அளவு அடைப்பை உண்டாக்கினார்கள். அவை பிழைத்தன. வளைகோடு மட்டுமே காரணம் என்றால் இவையும் இறந்திருக்க வேண்டும். கரைந்த நிலையில் செல்லுக்குள் செல்லும் கார்பன் மோனாக்சைடு, மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியிலேயே போய்ப் பிணைகிறது என்பது ஒரு விளக்கம். மருத்துவமனையிலும் 30 சதவீதத்தோடு மயங்கியவரையும், அதைவிட அதிகத்தோடு பேசிக்கொண்டிருப்பவரையும் பார்க்கிறோம், ஆகவே அந்த ஓர் எண்ணைக் கொண்டு தீவிரத்தைத் தீர்மானிப்பதில்லை.

குருதிநெறி

அந்தச் சோதனையை நான் மறுக்கவில்லை. ஆனால் செல்லில் ஆக்சிஜன் அழுத்தம் குறையக் குறையத்தான் அந்த நொதியில் கார்பன் மோனாக்சைடு எளிதாக இடம்பிடிக்கும், அழுத்தத்தைக் குறைப்பதோ வளைகோட்டின் நகர்வு. ஆகவே இவை இரண்டும் தனித்தனிக் காரணங்களா, ஒன்றுக்கு மற்றொன்று வழிவிடுகிறதா என்பதில் எனக்கு இன்னும் முடிவான கருத்து இல்லை.

இளமாறன்

அதில் நானும் உங்களோடு உடன்படுகிறேன். பூங்குழலிக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. வழக்கமான ஆக்சிமீட்டர் இரண்டு அலைநீளங்களில்தான் ஒளியைச் செலுத்துகிறது. சிவப்பு ஒளியில் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபின் ஏறத்தாழ ஆக்சிஜன் ஏறியதைப் போலவே தோன்றுவதால் உங்களுக்கு 99 வந்தது. இரத்த வாயுப் பரிசோதனையும் கரைந்த ஆக்சிஜனின் அழுத்தத்தைத்தான் அளக்கிறது, அது உண்மையிலேயே இயல்பாக இருக்கும். சில கருவிகள் அந்த அழுத்தத்திலிருந்து செறிவைக் கணக்கிட்டு அச்சிடுகின்றன, அளந்து சொல்வதில்லை. அச்சில் 98 என்று பார்த்துவிட்டு யாரும் நிறைவடைந்துவிடக் கூடாது. கழுத்துத் தமனியில் உள்ள உணர்விகளும் அந்த அழுத்தத்தையே உணர்வதால் நோயாளிக்கு மூச்சுத் திணறல் உணர்வே வராமல் போகலாம். உங்கள் கடைக்காரர் விழிக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

மருத்துவமும் ஹால்டேன் சொன்ன போட்டியை ஒட்டியதே. சாதாரணக் காற்றில் இரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரம் ஆகும். முகமூடி வழியாகத் தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் போதும். உயர் அழுத்த அறையில் இன்னும் வேகமாக வெளியேறும். ஆனால் அது பின்னாளில் வரும் நினைவுக் குறைபாட்டைத் தடுக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

பூங்குழலி

மூவருக்கும் நன்றி. அவருக்கு முகமூடி வழியாகத் தூய ஆக்சிஜன்தான் கொடுத்தோம், நினைவு திரும்பிவிட்டது. இன்னும் ஒரு கேள்வி: இப்படி வருபவர் கருவுற்ற பெண்ணாக இருந்தால் குழந்தைக்கும் இதே கணக்குத்தானா?

குருதிநெறி

இல்லை, குழந்தையின் நிலை இன்னும் நெருக்கடியானது. கருவின் ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலிக்குப் பதிலாகக் காமா சங்கிலி இருக்கிறது. அதில் ஒரு ஹிஸ்டிடினின் இடத்தில் செரின் இருப்பதால் இருபாஸ்போகிளிசரேட் உறுதியாகப் பிணைவதில்லை. அதனால் கருவின் வளைகோடு இயல்பிலேயே இடப்பக்கம் இருக்கிறது, பி50 ஏறத்தாழ 20 மி.மீ. தாயின் இரத்தத்திலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள அது உதவுகிறது. ஆனால் கருவின் தொப்புள் சிரையிலேயே ஆக்சிஜன் அழுத்தம் 30-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. தாயைப் போல 100-இலிருந்து இறங்கி வரும் வசதி அதற்கு இல்லை, அது தொடக்கத்திலேயே சரிவில் நிற்கிறது. அங்கே கோடு இன்னும் இடப்பக்கம் நகர்ந்தால் திசுவில் மிஞ்சும் அழுத்தம் மிகச் சிறிது. மேலும் கார்பன் மோனாக்சைடு கருவுக்குள் மெதுவாக ஏறி, தாயிடமிருந்து வெளியேறிய பிறகும் மெதுவாகவே இறங்குகிறது. தாயின் கோ-ஆக்சிமீட்டர் எண் இயல்புக்கு வந்துவிட்டது என்று முகமூடியை அப்போதே எடுத்துவிடாமல், அதற்குப் பிறகும் நீண்ட நேரம் ஆக்சிஜனைத் தொடர்வது இதனால்தான். எவ்வளவு நேரம் என்பதை உங்கள் பிரிவின் மருத்துவர் முடிவு செய்வார்.